சுவரில் ஓதம், அலமாரியில் கரையான், அடுப்படியில் கரப்பான்: பழைய ஃபிளாட்டில் எதை முதலில் பிடிப்பது, யார் பிடிப்பது

பழைய அடுக்குமாடி வீடுகளில் ஈரக்கசிவைத் தேடிக் கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை. பெரும்பாலும் என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு பெயின்டர் வந்து போயிருப்பார், பூச்சி மருந்து அடிக்கிறவர் ஒரு தடவையோ இரண்டு தடவையோ வந்து போயிருப்பார், காசும் போயிருக்கும். ஈரம் மட்டும் அப்படியே இருக்கும். ஈரம் இருக்கிறவரை கரையானும் திரும்ப வரும், கரப்பானும் திரும்ப வரும். அதனால் இந்த மூன்றையும் தனித்தனியாகச் சொல்லாமல், நான் பார்த்த ஒரே ஒரு வீட்டை வைத்து வரிசையாகச் சொல்கிறேன், எந்தக் கட்டத்தில் வாடகைக்கு இருப்பவர் என்ன செய்யணும், வீட்டுக்காரர் என்ன செய்யணும் என்பதையும் அங்கங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வீடு இரண்டாவது மாடி. கட்டி முப்பது வருடத்துக்கு மேல். படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரே சுவர், அந்தச் சுவரை ஒட்டி மரச்சட்டமும் பிளைவுட்டும் வைத்து அடித்த அலமாரி. குடி வந்து மூன்று மாதம் ஆன பெண் அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்தபோது பின்பலகை விரல் பட்டாலே உள்ளே போனது. பலகையை விலக்கினால் சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேல் வரை ஈரம், அதன் நடுவில் பென்சில் பருமனில் மண் கோடுகள். அவர் கரையானுக்கு ஆள் வேண்டும் என்றார். வீட்டுக்காரர் சுவரைச் சுரண்டி வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தால் போதும் என்றார். இரண்டும் செய்ய வேண்டிய வேலைகள்தான், ஆனால் கடைசியில் செய்ய வேண்டியவை.

முதல் வேலை: தொடாமல் பதிவு செய்வது

இது குடியிருப்பவரின் வேலை, காசு செலவே இல்லாதது, ஆனால் பிறகு வரும் பாதிச் சண்டையை இதுவே தடுத்துவிடும். ஈரத்தின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு போட்டு, கோட்டின் மேல் தேதி எழுதுங்கள். கிட்டத்திலிருந்து ஒரு படம், அறை முழுக்கத் தெரிகிற மாதிரி ஒரு படம். அன்றைக்கே வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள். போனில் சொன்னது ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. அந்தப் பெண் எழுதியது இவ்வளவுதான்: "சார், படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் சுவர் ஈரமாக இருக்கிறது, கரையான் மண்ணும் இருக்கிறது. இன்றைக்குத்தான் பார்த்தேன். படம் அனுப்பியிருக்கிறேன். எப்போது ஆள் அனுப்பினாலும் வீட்டில் இருப்பேன், முந்தின நாள் மட்டும் சொல்லுங்கள்." குற்றம் சாட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. பார்த்த தேதியும், ஆள் வர வழியும் இதில் இருக்கிறது, அது போதும்.

ஏன் அன்றைக்கே என்றால், சுவருக்குள் இருக்கிற குழாய்க் கசிவு வீட்டுக்காரர் பொறுப்பு என்று எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள், ஆனால் தெரிந்தும் நான்கு மாதம் சொல்லாமல் இருந்ததால் கூடிய சேதம் யாருடையது என்று கேள்வி வரும்போது குடியிருப்பவர் மாட்டிக்கொள்வார். அதே மாதிரி, எழுத்தில் தகவல் வந்த பிறகும் ஆள் அனுப்பாத வீட்டுக்காரர், கெட்டுப்போன துணிக்கும் புத்தகத்துக்கும் பதில் சொல்ல வேண்டி வரும்.

இரண்டாவது: தண்ணீர் எங்கிருந்து வருகிறது

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். சுவர் ஈரமாக இருக்க நான்கு வழிகள் உண்டு: தண்ணீர் வரும் குழாய் கசிவது, கழிவுநீர்க் குழாயோ குளியலறைத் தரையோ கசிவது, வெளிச்சுவர் விரிசல் வழியாக மழைநீர் இறங்குவது, அறைக்குள் இருக்கிற ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டு வியர்ப்பது. தரைத்தளமாக இருந்தால் மண்ணிலிருந்து சுவர் உறிஞ்சுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது பொதுவாகத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தைச் சுற்றி ஒரு உப்புக் கோட்டோடு நின்றுவிடும்.

முதல் சோதனைக்கு ஒரு பிளாஸ்டிக் தாள் போதும். ஈரமான இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு, ஒரு அடிக்கு ஒரு அடி தாளை வைத்து நான்கு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்குப் பின்னால், சுவர்ப் பக்கம், நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் முத்து முத்தாக நின்றால் அது காற்றின் ஈரம்.

அந்த வீட்டில் இரண்டு இடத்தில் ஒட்டினேன். அலமாரிக்குப் பின்னால் சுவர்ப் பக்கம் சொட்டியது, எதிர்பார்த்ததுதான். இன்னொன்று கட்டிலுக்குப் பின்னால், வெளிச்சுவர் மூலையில், அங்கே கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. அந்தத் தாளில் அறைப் பக்கம்தான் நீர். அதாவது ஒரே அறையில் இரண்டு விதமான ஓதம், இரண்டுக்கும் வேறு வேறு ஆள் பொறுப்பு. கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது, ஜன்னல் எப்போதும் மூடியிருந்தது, துணி உலர்த்தும் கொடி அறைக்குள்ளேயே இருந்தது. கட்டிலை ஒரு சாண் தள்ளிப் போட்டு, துணியை வெளியே காயவைத்து, காலையில் ஒரு மணி நேரம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைத்ததில் அந்த மூலை சில வாரங்களில் காய்ந்துவிட்டது. இது குடியிருப்பவர் பக்கத்து வேலை. ஆனால் ஒன்று: ஜன்னல் திறக்கவே முடியாமல் துருப்பிடித்திருந்தாலோ, குளியலறையில் காற்று வெளியேற வழியே இல்லாமல் இருந்தாலோ, "காற்றோட்டமாக வையுங்கள்" என்று குடியிருப்பவரிடம் சொல்வதில் நியாயம் இல்லை, அந்த வழியைச் செய்து கொடுக்க வேண்டியது வீட்டுக்காரர்.

சரி, அலமாரிச் சுவருக்கு வருவோம். அடுத்த கேள்வி, வருகிற தண்ணீரா போகிற தண்ணீரா என்பது. வீட்டுக்குத் தனி மீட்டர் இருந்தால் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு எண்ணைக் குறித்து, இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீரைத் தொடாமல் இருந்து, மறுபடி பார்க்கலாம். எண் நகர்ந்திருந்தால் வரும் குழாயில் கசிவு. இந்த வீட்டில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து எல்லோருக்கும் பொதுவாக இறங்குகிறது, மீட்டர் கிடையாது. அதனால் பிளம்பர் குழாய் வாய்களை அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, அளவி முள்ளைப் பார்த்தார். ஒரு மணி நேரம் முள் அசையவில்லை. வரும் குழாய் நன்றாக இருக்கிறது.

மிச்சம் கழிவுநீர். அந்த வீட்டில் இன்னொரு குளியலறை இருந்ததால் இதை மூன்று நாள் பூட்டச் சொன்னேன். பென்சில் கோட்டுக்கு உள்ளே ஈரம் ஒரு விரல் அளவு பின்வாங்கியது. குளியலறைதான் என்பது உறுதியாகிவிட்டது, ஆனால் தரையா, குழாயா என்பது தெரியவில்லை. இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டு முழுத் தரையையும் உடைத்துவிடுகிறார்கள். இரண்டு நாள் பொறுத்தால் தேவையில்லாமல் உடைக்க வேண்டாம்.

தரையில் தண்ணீர் வடியும் ஓட்டையை, ஃப்ளோர் ட்ராப் என்பதை, துணி சுற்றிய அடைப்பானால் இறுக அடைத்துவிட்டு, தரை முழுக்க இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீர் தேக்குங்கள். மட்டத்தைச் சுவரில் குறியுங்கள். பக்கத்திலேயே ஒரு வாளியில் தண்ணீர் வைத்து அதிலும் மட்டம் குறியுங்கள், ஏனென்றால் ஆவியாவதாலும் கொஞ்சம் இறங்கும், வாளி இல்லாவிட்டால் அதைக் கசிவு என்று தப்பாக எடுத்துக்கொள்வோம். 24 மணி நேரம் கழித்து இரண்டையும் ஒப்பிடுங்கள். இங்கே இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தது. அப்படியென்றால் டைல்ஸும் அதன் கீழே இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சும் தாங்குகின்றன.

அப்புறம் தரையை வடித்துத் துடைத்துவிட்டு, ட்ராப் வாயில் ஒரு புனலை வைத்து, தரை நனையாமல், கசிவுச் சோதனைக்கென்றே கிடைக்கும் பச்சைச் சாயம் கலந்த தண்ணீரைப் பத்து வாளி விட்டோம். கீழ்வீட்டுக்காரர்களிடம் முன்பே சொல்லி வைத்திருந்தோம். மறுநாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் கீழ்வீட்டுக் குளியலறைக் கூரையில், குழாய் இறங்கும் இடத்தைச் சுற்றி வெளிறிய பச்சை வளையம். பழைய கட்டடங்களில் குளியலறைத் தளத்தைக் கொஞ்சம் தாழ்த்திப் போட்டு, குழாயை அதில் பதித்து, மேலே செங்கல் ஜல்லி கொட்டி நிரப்பியிருப்பார்கள். கசிகிற தண்ணீர் முதலில் அந்த ஜல்லியை நனைத்து, அது குளம் மாதிரி நிரம்பி, பிறகுதான் சுவர் உறிஞ்சத் தொடங்கும், கூரையில் தெரியும். அதனால் இன்று தெரிகிற ஈரம் போன மாதம் தொடங்கிய கசிவாக இருக்கலாம், குழாயைச் சரிசெய்த பிறகும் சில வாரம் ஈரம் வந்துகொண்டேயிருக்கலாம்.

கீழ்வீட்டு அம்மா அந்தக் கறையை ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "மேல இருக்கிறவங்க குடி வந்தவங்க, அவங்ககிட்ட என்னன்னு சொல்றது" என்று சும்மா இருந்துவிட்டார். அவர் சொல்ல வேண்டிய ஆள் மேல்வீட்டுச் சொந்தக்காரர், அவர் எண் தெரியாவிட்டால் அசோசியேஷன். மேல்வீட்டில் வாடகைக்கு இருப்பவரால் குழாயை உடைத்துச் சரிசெய்யவும் முடியாது, அதற்கு அவருக்கு உரிமையும் இல்லை. உங்கள் கூரையில் கறை வந்தால் மேல்மாடிக்குப் போய்ச் சத்தம் போடாதீர்கள், உங்கள் வீட்டுக்காரர் மூலமாக அவர்கள் வீட்டுக்காரருக்குப் போகட்டும்.

மூன்றாவது: கசிவை அடைப்பது, அப்புறம் காத்திருப்பது

ட்ராப்பும் குழாயும் சேரும் இணைப்புதான் விட்டிருந்தது. ட்ராப்பைச் சுற்றி இரண்டடிச் சதுரம் மட்டும் உடைத்தோம். ஜல்லி கறுத்து நாறியது, உள்ளே நின்ற நீரை வாரி எடுத்து, பத்து நாள் திறந்தே போட்டோம். புது ட்ராப், புது இணைப்பு, அதன் மேல் நீர்த்தடுப்புப் பூச்சு, பழைய பூச்சின் மேல் ஒரு சாண் ஏறி நிற்கும்படி. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் மறுபடி தண்ணீர் தேக்கி 24 மணி நேரம், புனலில் மறுபடி பத்து வாளி. இந்த மறுசோதனையை மேஸ்திரி "தேவையில்லை சார்" என்பார், வீட்டுக்காரர் விட்டுக்கொடுக்கக் கூடாது. மூடிய பிறகு தெரிந்தால் எல்லாம் திரும்ப.

இந்தச் செலவு முழுக்க வீட்டுக்காரருடையது. தரைக்குள்ளும் சுவருக்குள்ளும் பதிந்திருப்பதை அவர்தான் பார்க்க வேண்டும். குடியிருப்பவர் ட்ராப்பில் துணியையோ சிமென்டையோ கொட்டி அடைத்து, அதனால் இணைப்பு விட்டிருந்தால் கதை வேறு, ஆனால் உடைத்தால் அது கண்ணுக்குத் தெரியும். உடைக்கும்போது ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது. கசிவு பல வீட்டுக்கும் பொதுவான செங்குத்துக் குழாயில் இருந்தால் அது அசோசியேஷன் கணக்கு.

கசிவு நின்ற மறுநாளே பெயின்ட் அடிக்கத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். சுவர் ஒரு அங்குலத் தடிமன் காய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும் என்பது கட்டட வேலையில் பழகிய கணக்கு. இது நாலரை அங்குலச் சுவர், நான்கு மாதத்துக்கு மேல். காயாத சுவரில் நீர் புகாத பெயின்ட் அடித்தால், உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும், இல்லாவிட்டால் பெயின்ட்டைக் கொப்புளமாகத் தள்ளிக்கொண்டு வரும். உப்பும் பூக்கும். அதனால் ஈரக்கோட்டுக்கு ஒரு அடி மேல் வரை பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, வெள்ளையாகப் பூக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் தேய்த்துத் துடைத்தெடுக்க வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும். ஜன்னல் திறந்து, மின்விசிறி ஓட, அந்தச் சுவர் மேல் எதையும் சாய்க்காமல் விட்டுவிடுங்கள். அடிக்கடி பிளாஸ்டிக் தாள் சோதனை. தாளுக்குப் பின்னால் இரண்டு நாள் கழித்தும் உலர்ந்திருந்தால் பூசலாம்.

வாடகைக்கு இருப்பவர் அந்த நான்கு மாதமும் ஒரு அறையின் பாதியை இழந்து இருக்கிறார் என்பதை வீட்டுக்காரர் மறக்கக் கூடாது. இந்த வீட்டில் வாடகையில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ள இருவரும் பேசி, எழுதி வைத்துக்கொண்டார்கள். எழுதிக்கொள்ளாமல் குடியிருப்பவரே வாடகையைப் பிடித்துக்கொள்வது வேண்டாம், அது ஈரத்தைப் பற்றிய பேச்சை வாடகை பாக்கி பற்றிய பேச்சாக மாற்றிவிடும்.

கூரையில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் மட்டும் இந்தப் பொறுமை பொருந்தாது. துரு ஏறிய கம்பி பருத்துக் காங்கிரீட்டைப் பிளந்து தள்ளும், துண்டு விழும். அந்த இடத்துக்குக் கீழே படுக்காதீர்கள், கட்டமைப்புப் பொறியாளர் பார்க்க வேண்டும்.

நான்காவது: கரையான்

மண் கோட்டைப் பார்த்ததும் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். கோட்டுக்குள் போய்வருபவை வேலைக்காரக் கரையான்கள் மட்டும், கூட்டம் வேறெங்கோ இருக்கிறது. அடித்த இடத்தை ஒதுக்கிவிட்டு வேறு வழியில் வரும், பிறகு அதைத் தேடுவது கஷ்டம். முதலில் கோட்டில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் மண்ணை உடைத்துவிட்டு விடுங்கள். இரண்டு மூன்று நாளில் திரும்ப மண் வைத்து மூடியிருந்தால் கரையான் நடமாட்டம் இருக்கிறது. இங்கே இரண்டாம் நாளே மூடிவிட்டது. உடைத்த இடம் அப்படியே கிடந்தாலும் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம், வேறு கோடு இருக்கிறதா என்று பாருங்கள். திருப்புளி முனையால் மரச்சட்டத்தை அடி அடியாகத் தட்டிக்கொண்டே போனால் தின்ற இடம் பொள்ளல் சத்தம் கொடுக்கும்.

மண் கோடே இல்லாமல், மரத்துக்குக் கீழே மணல் மாதிரி சிறுசிறு உருண்டைகள் மட்டும் குவிந்திருந்தால் அது வேறு ஜாதி. காய்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கும், மண்ணும் வேண்டாம், சுவர் ஈரமும் வேண்டாம். அதற்கு அந்த மரச்சாமானைத்தான் கவனிக்கணும். குடியிருப்பவர் கொண்டு வந்த பழைய கட்டிலிலிருந்து வந்திருந்தால் அது அவர் பொறுப்பாகிறது. ஜன்னலோரம் உதிர்ந்த ஈசல் சிறகுகள் குவியலாகக் கிடந்தால் அதையும் படம் எடுத்து வையுங்கள். வெளியிலிருந்து விளக்குக்கு வந்த ஈசலாகவும் இருக்கலாம், ஆனால் ஜன்னல் மூடியிருக்கும்போதே உள்ளே சிறகு கிடந்தால் கூட்டம் பக்கத்தில்தான்.

மண்ணில் வாழும் கரையான் இரண்டாவது மாடிக்கு எப்படி வரும் என்று வீட்டுக்காரர் கேட்டார். குழாய்கள் இறங்கும் ஷாஃப்டின் கதவைத் திறந்து டார்ச் அடித்தோம். தரைமட்டத்திலிருந்து கழிவுக்குழாயை ஒட்டியே மண் கோடு மேலே ஏறியிருந்தது, ஷாஃப்டின் அடியில் மட்கிய மரச்சட்டங்கள், யாரோ போட்ட அட்டைப்பெட்டிகள். குளியலறைக் கசிவு அதற்கு வழிநெடுகத் தண்ணீர் கொடுத்திருக்கிறது. கரையானின் உடல் மெல்லிய தோல் கொண்டது, சீக்கிரம் வறண்டு சாகும், அதனால்தான் அந்த மண் குழாய். ஈரம் நின்றுவிட்டால் மேல்மாடியில் அது நிலைப்பது கஷ்டம். ஆனால் மேலேயே தொடர்ந்து ஈரம் கிடைத்தால் மண்ணுக்குத் திரும்பாமலேயே அங்கே கூடு வைத்துவிடும் என்பதும் உண்மை.

அப்படியிருக்க இரண்டாவது மாடி அலமாரிக்கு மட்டும் மருந்து அடித்து என்ன பயன்? மருந்து போக வேண்டியது கீழே. ஷாஃப்ட் அடியைச் சுத்தம் செய்து, தரைத்தளத்தில் சுவரும் தரையும் சேரும் கோட்டில் சுமார் ஒரு அடிக்கு ஒரு துளை போட்டு மருந்து இறக்கினார்கள். ஃபிப்ரோனில், இமிடாக்ளோப்ரிட் போன்றவை கரையானுக்கு மணம் தெரியாத வகை, அதைத் தாண்டிப் போகிற கரையான் உடனே சாகாமல் கூட்டத்துக்கும் கொண்டு போகும். தெரிந்து விலகி ஓட வைக்கும் மருந்தைவிட இது மேல். துளையிட முடியாத இடங்களில் நச்சு இரை வைக்கும் முறையும் உண்டு, மெதுவாக வேலை செய்யும், மாதக்கணக்கில் வந்து பார்க்க வேண்டும். எதுவானாலும் மருந்தின் பெயர், துளைகளின் எண்ணிக்கை, எத்தனை மாதத்துக்கு இலவசமாகத் திரும்ப வருவார்கள் என்ற மூன்றையும் காகிதத்தில் வாங்குங்கள். ஷாஃப்டும் தரைத்தளமும் பொதுவிடம், ஆகவே அசோசியேஷன் கொடுத்தது. அலமாரியின் பின்பலகையும் இரண்டு சட்டங்களும் வீட்டுக்காரர் செலவில் மாற்றப்பட்டன, சுவர் காய்ந்த பிறகு, சுவரிலிருந்து மூன்று விரல் இடைவெளி விட்டு, புது மரத்தின் எல்லா முகத்திலும் போரேட் கரைசல் தடவி. தடவிய பிறகு மேலே வார்னிஷ் வேண்டும், போரேட் தண்ணீர் பட்டால் கரைந்து போய்விடும்.

குடியிருப்பவரின் பங்கு சின்னது, ஆனால் வேறு யாரும் செய்ய முடியாதது. சுவரை ஒட்டி அட்டைப்பெட்டியும் பழைய செய்தித்தாளும் அடுக்கி வைக்காமல் இருப்பது, மருந்து வைக்கும் நாளில் அறையைக் காலி செய்து கொடுப்பது, குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் காயும்வரை வெளியே வைப்பது, மாதம் ஒரு தடவை டார்ச்சோடு அலமாரிக்குப் பின்னால் பார்ப்பது.

ஐந்தாவது: கரப்பான்

எத்தனை இருக்கிறது என்பதைவிட எந்த ஜாதி என்பதுதான் யார் பொறுப்பு என்று சொல்லும். பசைப் பொறி ஆறு வாங்கி இரவில் வையுங்கள், இரண்டு குளியலறையில், நான்கு அடுப்படியில், சுவரோரமாக. மூன்று இரவு. இந்த வீட்டில் குளியலறையில் கட்டைவிரல் நீளத்தில் செம்பழுப்பாக இரண்டு மாட்டின. அடுப்படிப் பொறிகளில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போகாத, தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடுகள் உள்ள சின்ன ஜாதி பதினான்கு, அதில் பெரும்பாலும் குஞ்சுகள்.

பெரியது சாக்கடையிலிருந்து வருவது. பயன்படுத்தாத ட்ராப்பில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிவிட்டால் அதன் வழியாக நேராக ஏறி வரும். மூன்று நாள் பூட்டி வைத்த குளியலறையில்கூட நாங்கள் ஒரு குவளை தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்க வேண்டும், அது என் கவனத்திலிருந்து தப்பியது. வாரம் ஒரு குவளை ஊற்றுவது குடியிருப்பவர் வேலை. குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் இருக்கிற இடைவெளியைச் சிமென்டால் அடைப்பதும், உடைந்த ட்ராப் மூடியை மாற்றுவதும் வீட்டுக்காரர் வேலை.

சின்னது வீட்டுக்குள்ளேயே பெருகுவது. ஒரு முட்டைப் பையில் 30 முதல் 40 முட்டை, குஞ்சு பொரிக்கிறவரை தாய் அதைச் சுமந்துகொண்டே திரியும். வெப்பமான அடுப்படியில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு இரண்டு மாதம் போதும். இதற்கு ஸ்ப்ரே அடித்தால் சிதறிப் பக்கத்து வீட்டுக்குப் போகும், கொஞ்ச நாளில் திரும்பும். ஜெல் இரைதான் சரி. தீக்குச்சித் தலை அளவுப் புள்ளிகளாக, பெரிய உருண்டையாக இல்லாமல், நிறைய இடங்களில்: அலமாரிக் கதவுக் கீல்களின் உள்பக்கம், குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார் பக்கம், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குழாய் நுழையும் இடம், அடுப்பு மேடையின் அடி விளிம்பு. ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரேயும் அடிக்காதீர்கள், துடைக்கவும் வேண்டாம், அந்த வாசனை இருந்தால் இரையைத் தொடாது. இரண்டு வாரம் கழித்து மறுபடி வைக்க வேண்டும், ஏனென்றால் முட்டைக்குள் இருந்தவை அப்போதுதான் வெளியே வந்திருக்கும். இரை கரப்பான் தின்னாமலேயே நாள்கணக்கில் கிடந்து, பொறியில் எண்ணிக்கையும் குறையாவிட்டால் வேறு ஜெல் மாற்றுங்கள். இனிப்பை வெறுக்கப் பழகிய கூட்டங்கள் இந்த ஜாதியில் உண்டு.

இரவில் தண்ணீர் இல்லாமல் செய்வதும் இரைக்குச் சமம். சாப்பாடு இல்லாமல் இது வாரக்கணக்கில் தாங்கும், தண்ணீர் இல்லாமல் இரண்டு வாரம் தாண்டுவது கஷ்டம். சொட்டும் குழாய், ஈரமான ஸ்பாஞ்ச், தொட்டியில் ஊறும் பாத்திரம், குளிர்சாதனப் பெட்டிக்குக் கீழே இருக்கும் நீர்த்தட்டு, இவை எல்லாவற்றையும் படுக்கப் போகும் முன் உலர்த்திவிடுங்கள்.

யார் காசு என்பதில் இந்த வீட்டில் சின்னத் தகராறு வந்தது. "குடி வரும்போது ஒன்றுகூட இல்லையே மேடம், நீங்கள் கொண்டு வந்த சாமானில்தான் வந்திருக்கும்" என்றார் வீட்டுக்காரர். கீலின் திருகாணியைக் கழற்றிப் பார்த்தோம். கீல் தகட்டுக்குப் பின்னால் மிளகுத்தூள் தூவியதுபோல் எச்சம், காலி முட்டைப் பைகள், அவற்றின் மேலேயே போன தடவை அடித்த பெயின்ட். குடி வருவதற்கு முன்பே இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். முதல் சுற்று ஜெல் வீட்டுக்காரர் செலவு, அடுத்தடுத்த சுற்றும் அடுப்படிச் சுத்தமும் குடியிருப்பவர் என்று முடிந்தது. நான் பொதுவாகச் சொல்வதும் அதையொட்டித்தான்: குடி வந்த முதல் சில வாரங்களில் தெரிந்தால் வீட்டுக்காரர், நன்றாக இருந்த வீட்டில் ஒரு வருடம் கழித்துச் சின்ன ஜாதி பெருகினால் குடியிருப்பவர், பக்கத்து வீடுகளிலும் இருந்தால் அசோசியேஷன் எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால், அல்லது உங்கள் ஊர்ச் சட்டம் வேறு சொன்னால், அதுதான் முதலில். அதனால் கையெழுத்துப் போடும் முன்பே பூச்சி, கரையான், ஈரம் என்ற மூன்று சொல்லும் ஒப்பந்தத்தில் எங்கே வருகிறது என்று தேடுங்கள், வராவிட்டால் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

அதே ஆறு பொறிகளை அதே இடங்களில் வைத்துத் திரும்பத் திரும்ப எண்ணினோம். மூன்று வாரத்தில் அடுப்படியில் மூன்று. எட்டாவது வாரத்தில் ஒன்றும் இல்லை. சுவர்தான் எல்லாவற்றுக்கும் கடைசி, ஐந்தாவது மாதம் தாளுக்குப் பின்னால் உலர்ந்திருந்தது. பூசுவதற்கு முன்னால் அந்தப் பெண் பென்சில் கோட்டுத் தேதியை இன்னொரு படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினார், கொத்தனார் அன்று மாலை வந்தார்.